வரி சேமிப்பு ஃபண்ட் பட்டியலில் காணாமல் போன பெயர்கள்: நீங்களே தேடிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு பீரோவில், ரேஷன் கார்டுக்கும் வீட்டு வரி ரசீதுக்கும் நடுவில், பிரித்துப் படித்துவிட்டு அப்படியே சொருகி வைத்த ஒரு கவர் பல வருடம் கிடந்தது. நான் வைத்திருந்த வரி சேமிப்பு ஃபண்ட் ஒன்றை அதே நிறுவனத்தின் இன்னொரு ஃபண்டோடு இணைக்கப் போகிறோம், சம்மதம் இல்லையென்றால் இத்தனை நாளுக்குள் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. ஏதோ பேர் மாறுகிறது போல என்று விட்டுவிட்டேன்.

அதை நினைவுபடுத்தியது என் மச்சான். தண்டையார்பேட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தவன் போனை நீட்டி, "இன்னா மாமா, வரி சேமிப்பு ஃபண்ட்ல பாதிக்கு மேல பத்து வருஷத்துல இண்டெக்ஸத் தாண்டியிருக்குது, நீ என்னமோ இண்டெக்ஸ் இண்டெக்ஸ்னு சொல்லிக்கினே இருக்க" என்றான். இண்டெக்ஸ் என்றால் நிஃப்டி மாதிரிச் சந்தைக் குறியீடு. பட்டியலைப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான், பட்டியல் அப்படித்தான் காட்டியது. மேலிருந்து கீழே என் பழைய ஃபண்டின் பெயரைத் தேடினேன், இல்லை. அதை விழுங்கிய ஃபண்ட் இருந்தது, நல்ல இடத்தில், பத்து வருட வருமானம் கொழுத்த எண்ணாக. இன்று என்னிடம் இருப்பது அந்த ஃபண்டின் யூனிட்தான், ஆனால் அந்தப் பத்து வருட வருமானம் எனக்குக் கிடைக்கவில்லை. நான் பாதி வழியில் ஏற்றிவிடப்பட்டவன்.

இதற்கு ஆங்கிலத்தில் சர்வைவர்ஷிப் பயஸ் என்று பெயர். தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணி, அதையே எல்லோருடைய கணக்காகச் சொல்வது. எம்.சி. ரோட்டில் இருபது வருடமாக ஓடும் துணிக்கடைகளாகப் பார்த்து ஏறி இறங்கி "வியாபாரம் எப்படிங்க?" என்று கேட்டால் வரும் பதிலை வைத்து, அந்தத் தெருவில் கடை போட்ட எல்லோரும் நன்றாகச் சம்பாதித்தார்கள் என்று எழுதுவது போல. ஷட்டரை இழுத்துவிட்டுப் போனவரிடம் யாரும் கேட்கவில்லை, அவர் அங்கே இல்லவும் இல்லை.

கீழே சொல்லப் போவது இதை உங்கள் கையாலேயே சரிபார்க்கும் வழி. எல்லா வகை ஃபண்டுகளையும் எடுத்துக்கொள்ளவில்லை, வரி சேமிப்பு ஃபண்டுகளான இ.எல்.எஸ்.எஸ். மட்டும்தான். ஏன் அது மட்டும் என்பதை இரண்டாம் படியில் சொல்கிறேன்.

முதலில், பட்டியலில் ஒரு ஃபண்டின் வரி எப்படிக் காணாமல் போகிறது

ஒரு ஃபண்ட் மூன்று நான்கு வருடம் சுமாராகவே ஓடுகிறது என்று வையுங்கள். புதிதாகப் பணம் வராது, உள்ளே இருப்பவர்களும் மெல்லக் கழன்றுகொள்வார்கள். ஃபண்ட் சுருங்கச் சுருங்க அதை நடத்தும் செலவு பாரமாகும், விற்பவருக்கும் அதைக் காட்டி விற்க வாய் வராது. நிறுவனத்திடம் அதே வகையிலோ அருகிலோ நன்றாக ஓடும் ஃபண்ட் ஒன்று இருந்தால், இதை அதில் இணைத்துவிடுவதுதான் வசதி. பணம் நிறுவனத்தை விட்டு வெளியே போகாது, கெட்ட பெயர் மட்டும் போய்விடும்.

இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இணைப்புக்கு விதி இருக்கிறது, கடிதம் வரும், செய்தித்தாளில் அறிவிப்பு வரும். 2017 அக்டோபரில், சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியே, ஒரு நிறுவனம் ஒரு வகையில், எப்போதும் புதிதாகச் சேரும்படி திறந்திருக்கும் ஓபன் எண்டட் ஸ்கீம் ஒன்றுதான் வைத்திருக்கலாம் என்று பெரும்பாலான வகைகளுக்கு உத்தரவு போட்டது. இண்டெக்ஸ் ஃபண்ட், துறை சார்ந்த ஃபண்ட் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. அடுத்த சில மாதங்களில் ஏகப்பட்ட ஸ்கீம்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. அப்புறம் 2018 ஏப்ரலில், இணைந்த பின் எந்த வருமானத்தைக் காட்ட வேண்டும் என்றும் செபி சொன்னது. இரண்டும் ஒரே மாதிரி ஸ்கீம், இணைந்ததும் அதே மாதிரிதான் என்றால், இரண்டின் வருமானத்தையும் அதனதன் அளவுக்கு ஏற்பக் கலந்து காட்ட வேண்டும். ஒன்றின் தன்மை மட்டும் தொடர்கிறது என்றால், தொடரும் அந்த ஸ்கீமின் வருமானத்தைக் காட்ட வேண்டும். புத்தம் புதிதாக ஒன்று உருவானால் பழையதைக் காட்ட வேண்டியதே இல்லை.

அந்த இரண்டாவது நிலையைக் கவனியுங்கள். விதிப்படியே, உள்ளே போன ஸ்கீமின் சரித்திரம் அங்கே முடிந்துவிடுகிறது. முதல் நிலையில்கூட நிறுவனம் தன் விளம்பரத்திலும் ஆவணத்திலும் கலந்து காட்டுமே தவிர, நாம் போனில் பார்க்கும் ஒப்பீட்டுப் பட்டியல்கள் பெரும்பாலும் இன்று உயிரோடு இருக்கும் ஸ்கீமின் என்.ஏ.வி.யை, அதாவது ஒரு யூனிட்டின் அன்றன்றைய விலையை, இன்றிலிருந்து பின்னால் பார்த்துக் கணக்குப் போடுபவை. இன்று என்.ஏ.வி. இல்லாதவருக்கு அங்கே வரியும் இல்லை. "கேட்டகரி ஆவரேஜ்" என்று கீழே ஒரு எண் போடுகிறார்களே, அது அந்த வரிகளின் சராசரி.

எளிய எண்களில் ஒரு கணக்கு

என் கணக்கின் அசல் எண்கள் கோணல்மாணலாக இருப்பதால், அதே கதையை உருட்டி எடுத்த எண்களில் சொல்கிறேன். இவை எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை.

நீங்கள் 20 ரூபாய் என்.ஏ.வி.யில் ஒரு லட்சம் போட்டு 5,000 யூனிட் வாங்குகிறீர்கள். ஃபண்ட் வருடத்துக்கு 4% என்று ஐந்து வருடம் நொண்டுகிறது. என்.ஏ.வி. 24.33, உங்கள் பணம் சுமார் 1,21,665. அப்போது இணைப்பு. விழுங்கும் ஃபண்டின் என்.ஏ.வி. அன்று 60.83, எனவே உங்களுக்கு 2,000 யூனிட் வருகிறது. யூனிட் குறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம், பண மதிப்பு அன்று அதேதான். அடுத்த ஐந்து வருடம் இந்த ஃபண்ட் 12% ஓடுகிறது, என்.ஏ.வி. 107.2 ஆகிறது, உங்கள் கையில் 2,14,400.

பத்து வருடத்துக்கு இது ஆண்டுக்கு 7.9% சுமார். இப்போது பட்டியலைத் திறந்தால், உங்களிடம் இருக்கும் ஃபண்டின் பத்து வருட வருமானம் 12% என்று நிற்கும். அது பொய்யும் இல்லை. முதல் நாளிலிருந்தே அதில் இருந்தவருக்கு 34.52-இல் வாங்கியது 107.2 ஆகியிருக்கிறது, அவருடைய ஒரு லட்சம் 3,10,600. உங்களுக்கும் அவருக்கும் நடுவே 96,000 ரூபாய் சொச்சம் வித்தியாசம், அது எந்தப் பட்டியலிலும் எந்த வரியிலும் இல்லை.

இதையே ஒரு வகை முழுவதற்கும் விரித்துப் பாருங்கள். தொடக்கத்தில் பத்து ஃபண்ட். இன்று ஆறு இருக்கின்றன: 15, 14, 13, 12, 11, 10 சதவீதம். சராசரி 12.5. அதே காலத்தில் இண்டெக்ஸ் 11.5 என்று வைத்துக்கொள்வோம். பட்டியலைப் பார்ப்பவர் என்ன சொல்வார்? சராசரி ஃபண்டே இண்டெக்ஸை ஒரு சதவீதம் ஜெயித்திருக்கிறது, ஆறில் நாலு ஃபண்ட் தாண்டியிருக்கிறது.

காணாமல் போன நாலையும், இணைந்த பிறகு அந்தப் பணம் எங்கே போனதோ அங்கேயே பின்தொடர்ந்து பத்து வருடக் கணக்கு எடுத்தால் 9.6, 9.5, 9.0, 7.9 வருகிறது என்று வையுங்கள். பத்துக்கும் சேர்த்துச் சராசரி 11.1. இண்டெக்ஸுக்குக் கீழே. தாண்டியது ஆறில் நாலு இல்லை, பத்தில் நாலு. அதாவது 67% என்று காட்டியது 40% ஆகிவிட்டது, ஒரு ஃபண்டின் வருமானத்தைக்கூட நாம் திருத்தவில்லை, எண்ணிக்கையை மட்டும்தான் சரிசெய்தோம். ஒரு லட்சத்துக்கு 12.5 சதவீதமும் 11.1 சதவீதமும் பத்து வருடத்தில் 3,24,700-க்கும் 2,86,500-க்கும் உள்ள தூரம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. 10% கொடுத்த அந்தக் கடைசி ஃபண்ட், பட்டியலில் ஆறில் ஆறாவது, எல்லோரும் காறித் துப்புகிற இடம். உண்மையில் அது பத்தில் ஆறாவது. நடுவில் இருக்கும் ஃபண்ட். கீழே இருந்தவர்கள் காணாமல் போனதால் இது அடிமட்டமாகத் தெரிகிறது. ஆக, இந்தச் சார்பு சராசரியை உயர்த்திக் காட்டுவதோடு, பிழைத்தவர்களின் ரேங்க்கைக் கீழே தள்ளவும் செய்கிறது.

என் எண்களில் இடைவெளி 1.4% வந்ததற்குக் காரணம் நான் பத்தில் நாலைச் சாகடித்ததுதான். நிஜத்தில் எவ்வளவு இருக்கும்? அமெரிக்கப் பங்கு ஃபண்டுகளை வைத்து மார்க் கார்ஹார்ட்டும் இன்னும் மூவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடக் கணக்கில் இந்தப் பிழை ஆண்டுக்கு 0.07% மட்டுமே, பதினைந்து வருடத்துக்கு மேல் போனால் ஆண்டுக்கு 1% அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. அது அவர்கள் ஊர்க் கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் வளரும் விதம் எங்கேயும் ஒன்றுதான்: வருடத்துக்கு ஒன்றிரண்டு கழன்று விழுந்தால் ஒரு வருடக் காலத்தில் தெரியாது, பத்து வருடத்தில் குவிந்துவிடும். பட்டியலில் ஒரு வருட வருமானம் கிட்டத்தட்ட சுத்தம், பத்து வருட வருமானம்தான் அழுக்கு. நாமோ "நீண்ட காலம் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டு நேராகப் பத்து வருடத்துக்குத்தான் போகிறோம்.

படி 1: தொடக்கத் தேதியை முடிவு செய்து, அன்றைய பட்டியலை எடுப்பது

எல்லாத் தவறும் இன்றைய பட்டியலிலிருந்து தொடங்குவதால்தான் வருகிறது. நமக்கு வேண்டியது பத்து வருடம் முன்பு ஒருவர் கடையில் போய் நின்றால் அவருக்கு என்னென்ன கிடைத்திருக்கும் என்ற பட்டியல். நல்லவேளையாக அது இலவசமாகவே கிடைக்கிறது. ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் இணையதளத்தில் பழைய என்.ஏ.வி.யைத் தேதி கொடுத்து இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அன்று என்.ஏ.வி. வெளியிட்ட எல்லா ஸ்கீமும் அதில் வரும், பின்னால் செத்ததும் சேர்த்து. சனி, ஞாயிறு, சந்தை விடுமுறை இல்லாத ஒரு நாளாகப் பாருங்கள்.

இன்றைய நிலவரத்துக்கு `NAVAll.txt` என்ற கோப்பு தினமும் அங்கேயே இருக்கிறது. இரண்டிலும் விவரங்கள் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டிருக்கும், எக்ஸெலில் திறக்கும்போது அதைப் பிரிப்பானாகச் சொல்ல வேண்டும். இரண்டு கோப்பிலும் நெடுவரிசைகளின் வரிசை ஒன்றாக இருக்காது. `Scheme Code` மட்டும் இரண்டிலும் முதலில் இருக்கும்.

படி 2: இ.எல்.எஸ்.எஸ். மட்டும், குரோத் மட்டும்

ஏன் இ.எல்.எஸ்.எஸ்.? 2017 உத்தரவுக்கு முன் ஆம்ஃபி கோப்பில் லார்ஜ் கேப், மிட் கேப் என்ற தலைப்புகளே கிடையாது. பங்கு ஃபண்டுகள் எல்லாம் `Growth` என்ற ஒரே மூட்டையில் கிடக்கும். அதில் எது அந்தக் காலத்தில் லார்ஜ் கேப் என்று நீங்கள் முடிவு செய்யப் புகுந்தால், இன்றைய பெயரை வைத்து முடிவு செய்வீர்கள், அது இன்னொரு பின்னோக்கிப் பார்க்கும் தவறு. வரி சேமிப்பு ஃபண்ட் மட்டும் அன்றும் இன்றும் `ELSS` என்றே தனித் தலைப்பில் இருக்கிறது, சட்டம் அதற்கு ஒரு வேலி போட்டு வைத்திருப்பதால்.

அந்தத் தலைப்பின் கீழ் வரும் வரிகளில் டிவிடெண்ட் பிளான்களின் வரிகளை நீக்குங்கள், அவற்றின் என்.ஏ.வி. பணம் கொடுத்தபோதெல்லாம் இறங்கியிருக்கும், கணக்கு கெடும். இடையில் விற்பவர் இல்லாமல் நேராக வாங்கும் டைரக்ட் பிளான் வரிகளையும் நீக்கி, விற்பவர் மூலம் வாங்கும் ரெகுலர் பிளானில், லாபத்தைப் பிரித்துக் கொடுக்காமல் உள்ளேயே வளரவிடும் குரோத்தை மட்டும் வையுங்கள். டைரக்ட் பிளான் 2013 ஜனவரியில்தான் வந்தது, எனவே அதற்கு முன்னால் போகும் ஆசை வந்தால் ரெகுலர்தான் கைகொடுக்கும். பழைய ஸ்கீம்கள் சிலவற்றின் பெயரில் ரெகுலர் என்ற சொல்லே இருக்காது, அதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.

குளோஸ் எண்டட் வரி சேமிப்பு ஸ்கீம்கள் இருந்தால் அவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். அவை முதலிலேயே இத்தனை வருடம் என்று சொல்லிப் பிறந்தவை, காலம் முடிந்து மூடினால் அது இயற்கை மரணம், தோல்வியால் வந்தது இல்லை.

படி 3: யார் இல்லை என்று பார்ப்பது

புதிய ஷீட்டில் A-யில் குறியீட்டு எண், B-யில் பெயர், C-யில் பழைய என்.ஏ.வி. என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கோப்பை `now` என்ற பெயரில் இன்னொரு ஷீட்டில் வையுங்கள், அதில் என்.ஏ.வி. ஐந்தாவது நெடுவரிசை. D2-இல் முதல் சூத்திரம், E2-இல் இரண்டாவது:

```
=IFERROR(VLOOKUP(A2,now!A:E,5,FALSE),"DEAD?")
=IFERROR((D2/C2)^(1/10)-1,"")
```

`DEAD?` என்று கேள்விக்குறியோடு போட்டதற்குக் காரணம் இருக்கிறது. குறியீட்டு எண் ஒரு ஷீட்டில் எண்ணாகவும் இன்னொன்றில் எழுத்தாகவும் பதிவாகியிருந்தால் எல்லாமே செத்ததாகக் காட்டும், முதல் தடவை எனக்கு அப்படித்தான் வந்து தூக்கிவாரிப் போட்டது. இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு: இன்றைய கோப்பில் சில வரிகள் எப்போதோ நின்றுபோன ஸ்கீமின் கடைசி என்.ஏ.வி.யோடு அப்படியே கிடக்கும். பக்கத்திலுள்ள தேதியைப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

பெயரை வைத்து ஒருபோதும் தேடாதீர்கள். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஃபண்ட் நிறுவனம் கைமாறினால் பெயர்ப்பலகை மாறும், உள்ளே ஸ்கீம் அதுவேதான். நம் ஊர் சுந்தரம் 2021 கடைசியில் பிரின்சிபல் மியூச்சுவல் ஃபண்டை வாங்கியபோது, பிரின்சிபல் என்ற பெயரே பட்டியல்களிலிருந்து போய்விட்டது, ஆனால் அதன் வரி சேமிப்பு ஸ்கீம் சுந்தரம் என்ற பெயரில் தொடர்கிறது. பெயரை வைத்துத் தேடினால் உயிரோடு இருப்பவருக்கு இறப்புச் சான்றிதழ் எழுதிவிடுவீர்கள். பெயர் மட்டும் மாறியிருந்தால் குறியீட்டு எண் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

படி 4: போனது எங்கே போனது?

மிச்சமிருக்கும் `DEAD?` வரிகள் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் கையால்தான் தேட வேண்டும், வேறு வழியில்லை. அந்த நிறுவனத்தின் தளத்தில் பழைய நோட்டீஸ், அடெண்டம் என்ற பகுதியில் இணைப்பு அறிவிப்பு இருக்கும். இல்லையென்றால் விழுங்கிய ஸ்கீமின் தகவல் ஆவணத்தில் குறிப்பு இருக்கும். நீங்களே அதில் பணம் போட்டவர் என்றால் இன்னும் சுலபம்: ஃபண்டுகளின் கணக்கைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் தொடக்கத்திலிருந்து வாங்குங்கள், இணைந்த நாளில் பழைய யூனிட் முழுவதும் வெளியேறி புதிய யூனிட் உள்ளே வந்த வரி இருக்கும்.

குறித்துக்கொள்ள வேண்டியது மூன்றே மூன்று: இணைந்த தேதி, அன்று பழைய ஸ்கீமின் என்.ஏ.வி., அன்று புதிய ஸ்கீமின் என்.ஏ.வி. கடைசி இரண்டும் படி 1-இல் சொன்ன அதே இடத்தில் அந்தத் தேதியைக் கொடுத்தால் வந்துவிடும். அன்று பழையது இல்லையென்றால் அதற்கு முந்தின வேலைநாளைப் பாருங்கள்.

படி 5: கணக்கை ஒட்டவைப்பது

பழைய ஸ்கீமின் வளர்ச்சியையும் (இணைந்த நாள் என்.ஏ.வி. வகுத்தல் தொடக்க என்.ஏ.வி.), புதிய ஸ்கீமின் வளர்ச்சியையும் (இன்றைய என்.ஏ.வி. வகுத்தல் இணைந்த நாள் என்.ஏ.வி.) பெருக்குங்கள். மேலே நான் போட்ட கணக்கில் 1.2167 பெருக்கல் 1.7623, விடை 2.144. அதன் பத்தாம் படிமூலம் எடுத்து ஒன்றைக் கழித்தால் 7.9%.

இது ஒரே வழி இல்லை, உண்மையைச் சொன்னால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இப்படிப் பின்தொடர்வதால் விழுங்கிய ஃபண்டின் பிற்பாதி இரண்டு தடவை எண்ணப்படுகிறது, செத்த ஃபண்டுக்கு அது சம்பாதிக்காத மதிப்பெண்ணும் கிடைக்கிறது. "ஃபண்ட் மேனேஜர்கள் எப்படி?" என்பது உங்கள் கேள்வி என்றால், செத்த நாளோடு நிறுத்தி, அதே காலத்தில் இண்டெக்ஸ் எவ்வளவு கொடுத்தது என்று ஒப்பிடுவதுதான் நேர்மை. "அன்று பணம் போட்டவருக்கு என்ன ஆனது?" என்பது கேள்வி என்றால் பின்தொடர்வது சரி. எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம், பணம் என்னுடையது. எதைச் செய்தாலும் எல்லா வரிக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள், ஒன்றுக்கு இப்படி ஒன்றுக்கு அப்படி என்று போனால் விடையை நீங்களே வளைத்துவிடுவீர்கள்.

படி 6: இண்டெக்ஸோடு ஒப்பிடுவது

டிவிடெண்டும் சேர்ந்த டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸோடுதான் ஒப்பிட வேண்டும், டி.ஆர்.ஐ. என்பார்கள். 2018 பிப்ரவரியிலிருந்து ஃபண்டுகள் அதோடுதான் தங்களை ஒப்பிட வேண்டும் என்பது செபி விதி. வெறும் நிஃப்டி புள்ளியோடு ஒப்பிட்டால் ஃபண்டுக்கு ஒரு சலுகை கொடுத்ததாகும்.

"இண்டெக்ஸிலும்தானே மோசமான கம்பெனியைத் தூக்கிவிடுகிறார்கள், அது மட்டும் பிழைத்தவர் கணக்கு இல்லையா?" என்று மச்சான் மடக்கினான். நல்ல கேள்வி. 2020 மார்ச்சில் யெஸ் பேங்க்கை நிஃப்டி 50-இலிருந்து நீக்கினார்கள். ஆனால் அது விழுந்த விழுக்காடு முழுவதும், நீக்கிய நாள் வரைக்கும், இண்டெக்ஸின் கணக்கில் ஏறிவிட்டது. நீக்கியபின் யாரும் பழைய தேதிக்குப் போய் யெஸ் பேங்க் இல்லாத நிஃப்டி என்று மாற்றி எழுதுவதில்லை. ஃபண்ட் பட்டியலில் நடப்பது அந்த மாற்றி எழுதுவதுதான்.

இவ்வளவு வேலை பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: எஸ் அண்ட் பி நிறுவனம் இந்தியாவுக்கு வெளியிடும் `SPIVA` அறிக்கை. அவர்கள் தொடக்கத்தில் இருந்த எல்லா ஃபண்டையும் கீழெண்ணாக வைத்துத்தான் எத்தனை சதவீதம் தோற்றது என்று சொல்கிறார்கள், அதோடு `Survivorship` என்று தனிக் கட்டமே இருக்கும், இ.எல்.எஸ்.எஸ். தனி வகையாகவும் வரும். முதலில் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, பிறகு மற்றதைப் படியுங்கள்.

எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்

காணாமல் போன எல்லாமே மட்டமான ஃபண்ட் என்று நினைக்காதீர்கள். நிறுவனம் விற்கப்பட்டு, வாங்கியவரிடம் ஏற்கனவே அதே வகை ஃபண்ட் இருந்தால், நன்றாக ஓடிய ஸ்கீமும் பேரிழந்து போகும். அப்படிப்பட்ட ஒன்றிரண்டு உங்கள் பட்டியலில் அகப்பட்டால் இடைவெளி குறையும், ஒருவேளை ஒன்றுமே இல்லாமலும் போகலாம். இ.எல்.எஸ்.எஸ்.-ஸில் வந்த இடைவெளியை ஸ்மால் கேப்புக்கோ கடன் ஃபண்டுக்கோ தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. கடன் ஃபண்டில் சாவு வேறு மாதிரி வரும். 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஸ்கீம்களை ஒரே நாளில் மூடியபோது அவை எதிலும் இணையவில்லை, உள்ளே இருந்த பத்திரங்களை விற்று, வர வர, தவணை தவணையாகப் பணத்தைத் திருப்பினார்கள். அதற்கு படி 5-இன் பெருக்கல் உதவாது, ஒவ்வொரு தவணைக்கும் தேதி போட்டுக் கணக்கெடுக்க வேண்டும்.

பத்து வருட வருமானம் காட்டும் இடத்தில் வரிகள் குறைவாக இருப்பதை மட்டும் வைத்து "இத்தனை செத்துவிட்டது" என்று எண்ணுவதும் தவறு. அங்கே கோடு போட்டிருப்பவை இன்னும் பத்து வயது ஆகாத ஃபண்டுகள். செத்தவற்றுக்குக் கோடுகூட இருக்காது.

இணைப்புக் கடிதம் உங்கள் வீட்டுக்கே வந்தால்

வெளியேற விரும்புபவருக்கு, லாக்-இன் காலம் முடிந்த யூனிட்டுகளை எக்ஸிட் லோட் என்ற வெளியேறும் கட்டணம் இல்லாமல் எடுக்க, கடிதத்தில் சொன்ன நாட்கள் வரை அவகாசம் தருவார்கள். அந்த நாட்களில் எடுத்தால் அது சாதாரண விற்பனைதான், லாபத்துக்கு வரி உண்டு. எடுக்காமல் விட்டால் பங்கு ஃபண்ட் பங்கு ஃபண்டோடு இணைவதை வரிச் சட்டம் விற்பனையாகப் பார்க்காது, நீங்கள் வாங்கிய பழைய விலையும் பழைய தேதியும் தொடரும். எனவே பின்னால் விற்கும்போது பழைய விலை உங்களுக்கு வேண்டும்.

நான் செய்தது தாமதமாகத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவிலிருந்து கவரை எடுத்து, பின்பக்கத்தில் முதலில் போட்ட தொகை, இணைந்த தேதி, போன யூனிட், வந்த யூனிட், இரண்டு என்.ஏ.வி. எல்லாவற்றையும் பேனாவால் எழுதி வைத்தேன். மச்சான் போனில் இருந்த பட்டியலைத் திரும்ப ஒரு தடவை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்துவிட்டு, அவனுடைய பழைய ஃபண்ட் ஒன்றின் பெயரைச் சொல்லி, "இது எங்க மாமா காணோம்?" என்றான். படி 3-இல் தொடங்கச் சொன்னேன்.